காலி செய்த அறை, இரண்டு புகைப்படங்கள்: சுவரில் உண்மையில் எது மாறியிருக்கிறது?

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் பேச்சு பெரும்பாலும் சுவரில்தான் வந்து நிற்கும். "நீங்கள் குடிவந்தபோது இந்தக் கறை இல்லை" என்பார் வீட்டு உரிமையாளர். "அப்போதே இருந்தது சார்" என்பார் குடியிருந்தவர். இருவருமே உண்மையென்று நம்பித்தான் சொல்வார்கள், ஏனென்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவர் எப்படி இருந்தது என்பது யாருக்கும் துல்லியமாக நினைவில் நிற்பதில்லை. அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற கணக்கு அந்த மங்கலான நினைவின் மேல் போடப்படுகிறது. இப்போது பலரும் சாவி வாங்கிய அன்றே அறையைச் செல்பேசியில் படம் எடுத்து வைக்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல.

ஒரே சுவரை இரண்டு நாளில் எடுத்த இரண்டு படங்களுக்கு இடையே ஆயிரக்கணக்கான வித்தியாசங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் சுவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எடுத்தவர் நின்ற இடம் மாறியிருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும், கேமராவே கொஞ்சம் தடுமாறியிருக்கும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் சுவரின் மாற்றம். படங்களை ஒப்பிடுவது என்றால் முக்கால்வாசி வேலை இந்த விலக்கும் வேலைதான். செயற்கைக்கோள் படங்களில் ஏரி சுருங்கியதைக் கண்டுபிடிப்பவர்களும் இதே வரிசையில்தான் போகிறார்கள். நாம் ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நங்கநல்லூரில் என் தங்கை குடும்பம் இருந்த வீட்டின் ஹால் சுவர் அது. குடிவந்தது 2022 ஜூனில். காலி செய்தது 2024 டிசம்பரில். ஜூன் மாதப் படம் நண்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. டிசம்பர் படம் மாலையில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது. இரண்டிலும் சுவரின் பத்தடி அகலம், ஏழரை அடி உயரம் விழுந்திருந்தது. உரிமையாளர் மூன்று குறைகளைச் சொன்னார்: ஐந்து இடங்களில் புதிதாக ஆணி அடித்திருக்கிறார்கள், ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் போகிறது, ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறிக் கறை விழுந்திருக்கிறது. மூன்றும் குடியிருந்த காலத்தில் வந்தவை என்பது அவர் வாதம். அவர் கெட்டவர் அல்ல. கைவசம் இருந்த இரண்டு படங்களைச் செல்பேசியில் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்.

முதலில் கண்ணைப் பற்றி. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் நம் கண் இங்கிருந்து அங்கே தாவுகிறது. தாவும் அந்த நொடியில் சின்ன விவரங்கள் நழுவிவிடுகின்றன. ரென்சிங்க், ஓ'ரீகன், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு படத்தையும் அதன் சற்றே மாறிய நகலையும் மாறி மாறிக் காட்டி, நடுவில் ஒரு கணம் வெற்றுத்திரை வைத்தார்கள். பார்த்தவர்கள் பெரிய மாற்றங்களைக்கூட நெடுநேரம் கண்டுபிடிக்கவில்லை. நடுவில் வெற்றுத்திரை இல்லாமல் படம் நேரடியாக மாறும்போது, மாறிய இடம் கண்ணில் சட்டென்று துள்ளுகிறது. செல்பேசியில் விரலால் தள்ளிப் பார்க்கும்போது ஒரு படம் நகர்ந்து போய் இன்னொன்று நகர்ந்து வருகிறது அல்லவா, அந்த நகர்வு அந்த வெற்றுத்திரையின் வேலையைச் செய்துவிடுகிறது. மொத்தத் திரையும் அசையும்போது ஓர் ஆணித்துளை மட்டும் எப்படித் துள்ளும்?

ஆகவே இரண்டு படங்களும் ஒரே இடத்தில், அசையாமல், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே இருப்பதை மட்டும் மறைத்து மறைத்துக் காட்ட வேண்டும். வானியலாளர்களுக்கு இது பழகிய வழி. அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா 1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை இப்படி மாறி மாறிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். நிறைந்து கிடந்த நட்சத்திரங்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இங்கும் அங்கும் குதித்தது. பிப்ரவரி 18 அன்று அவர் கண்ட அந்தப் புள்ளிதான் புளூட்டோ. நட்சத்திரங்கள் அசையாமல் நின்றதால்தான் அது குதித்தது தெரிந்தது. நம் சுவரிலும் அசையாதவற்றை அசையாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை.

அதற்குப் பெயர் பொருத்துதல். வீட்டுக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற படத்திருத்த மென்பொருள் போதும். File பட்டியலில் Open as Layers என்பதைக் கொடுத்து இரண்டு படங்களையும் அடுக்காக ஏற்றுங்கள். மேலடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் இரண்டு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து தெரியும். இனி சுவரில் மாற வாய்ப்பே இல்லாத நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நங்கநல்லூர்ச் சுவரில், ஸ்கர்டிங்கின் மேல்விளிம்பு இரு பக்கச் சுவர்களைத் தொடும் மூலைகள் இரண்டு, ஜன்னல் சட்டத்தின் மேல் மூலை ஒன்று, உயரத்தில் சுவரோடு சுவராகப் பதித்திருந்த ஏசி சுவிட்ச் பெட்டியின் மூலை ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். Handle Transform என்ற கருவியால் மேலடுக்கில் அந்த நான்கு புள்ளிகளிலும் பிடி வைத்து, ஒவ்வொன்றையும் கீழடுக்கில் அதே மூலைக்கு இழுத்துச் சென்றால், படம் சாய்ந்தும் விரிந்தும் சரியாக வந்து படிகிறது.

நான்கு புள்ளிகள் ஏன் போதும்? சுவர் தட்டையானது. தட்டையான ஒரு பரப்பை எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாலும், நான்கு புள்ளிகளைச் சரியாக உட்கார வைத்துவிட்டால் மீதி எல்லாப் புள்ளிகளும் தாமாகவே தம் இடத்துக்கு வந்துவிடும். அந்த நான்கில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது, ஒரே மூலையில் நெருக்கமாகவும் இருக்கக் கூடாது. சுவரின் நான்கு திசைகளிலும் பரவியிருந்தால் பொருத்தம் உறுதியாக நிற்கும். நான்கு புள்ளிகளும் சுவரின் பரப்பிலேயே இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம்.

ஏனென்றால் சுவரைவிட்டு முன்னே துருத்தி நிற்கும் எதுவும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. அதே ஹாலில் ஓரடி ஆழமுள்ள சிமென்ட் தட்டு ஒன்று இருந்தது. படம் எடுத்தவர் சுவரிலிருந்து ஏழரை அடி தள்ளி நின்றார் என்றும், இரண்டாம் முறை அரை அடி வலப்பக்கமாக நின்றுவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். சுவரைக் கச்சிதமாகப் பொருத்திய பிறகும் தட்டின் முன்விளிம்பு சுவரின் மேல் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரியும். படத்தின் அகலம் 4000 பிக்சல் என்றால், அந்த ஓர் அங்குலம் முப்பது பிக்சலுக்கு மேல். தட்டை யாரும் தொடவில்லை, ஆனாலும் படத்தில் அது மாறியிருக்கிறது. இதை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒரு படத்தில் தட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவர்ப்பகுதி இன்னொரு படத்தில் தெரியும். மறைந்திருந்ததை எங்கிருந்து கொண்டுவருவது? முன்னே நிற்கும் பொருட்களை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டு, தனியே கண்ணால் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

பொருத்தம் சரியாக வந்ததா என்று பார்க்க, மேலடுக்கின் ஒளிபுகும் தன்மையை நீக்கிவிட்டு அதன் முறையை Difference என்று மாற்றுங்கள். இப்போது திரையில் தெரிவது இரண்டு படங்களின் கழித்தல். ஒத்துப்போகும் இடம் கறுப்பாகவும், ஒத்துப்போகாத இடம் பிரகாசமாகவும் இருக்கும். பொருத்தம் தவறியிருந்தால் அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்: ஒவ்வொரு விளிம்பின் ஓரத்திலும் ஒளிக்கோடு தெரியும். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கமாக இருந்தால் படம் மொத்தமாக நகர்ந்திருக்கிறது. ஒரு மூலையை நோக்கிப் போகப்போகக் கோடு தடித்தால் அந்த மூலையில் வைத்த புள்ளி சரியில்லை. நடுவில் கச்சிதமாகப் பொருந்தி ஓரங்களில் மட்டும் வளைந்து விலகினால், படங்களில் ஒன்று அகலக்கோண லென்ஸில் எடுத்ததாக இருக்கலாம். அந்த லென்ஸ் நேர்கோட்டையே வளைத்துவிடும், நான்கு புள்ளி வைத்து நிமிர்த்த முடியாது.

அடுத்தது வெளிச்சம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு பிரகாச எண் உண்டு. 0 கருமை, 255 வெண்மை. GIMPஇல் வண்ணம் எடுக்கும் கருவியால் எந்த இடத்தின் எண்ணையும் படிக்கலாம். ஜூன் படத்தில் வெறும் சுவர் 180. டிசம்பர் படத்தில் அதே சுவர் 150. இரண்டு படத்திலும் இருந்த ஒரு பழைய ஆணித்துளை ஜூனில் 95, டிசம்பரில் 79. ஜூனில் வெறும் சுவராக இருந்து டிசம்பரில் துளையான ஓர் இடம் 180இலிருந்து 80 ஆகியிருந்தது. அப்படியே கழித்தால் வெறும் சுவரில் 30, பழைய துளையில் 16, புதிய துளையில் 100 என்று வரும். மாறாத சுவர் முழுவதும் மாறியதுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

இதைச் சரிசெய்ய டிசம்பர் படத்தோடு 30ஐக் கூட்டினால் என்ன என்று தோன்றலாம். கூட்டினால் சுவர் 180 ஆகிவிடும், ஆனால் பழைய துளை 109 ஆகும்; ஜூனில் அது 95. யாரும் தொடாத துளையில் 14 வித்தியாசம் நிற்கும். வெளிச்சம் ஒரு பரப்பின்மேல் கூட்டலாக வேலை செய்வதில்லை, பெருக்கலாக வேலை செய்கிறது. வெளிச்சம் குறைந்தால் பிரகாசமான இடம் அதிகமாகவும் இருண்ட இடம் கொஞ்சமாகவும் இறங்கும். ஆகவே கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 180ஐ 150ஆல் வகுத்தால் 1.2. டிசம்பர் படம் முழுவதையும் 1.2ஆல் பெருக்கினால் சுவர் 180, பழைய துளை 95, புதிய துளை 96. இப்போது கழித்தால் சுவரில் 0, பழைய துளையில் 0, புதிய துளையில் 84. பழையது மறைந்தது, புதியது மட்டும் நின்றது. GIMPஇல் இதைச் செய்ய Colors பட்டியலில் உள்ள Levels போதும்: உள்ளீட்டின் மேல் எல்லையை 255இலிருந்து 212க்கு இறக்கினால் ஏறக்குறைய 1.2ஆல் பெருக்கியதாகிவிடும். நண்பகல் வெளிச்சத்துக்கும் ட்யூப் லைட்டுக்கும் நிறமும் வேறு என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் சுவர் முழுவதற்கும் ஒரே பெருக்கல் எண் பொருந்தாது. ஜூன் நண்பகலில் ஜன்னல் பக்கம் பிரகாசமாகவும் தூரத்து மூலை மங்கலாகவும் இருந்தது. டிசம்பர் மாலையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிரகாசம், ஜன்னல் பக்கம் இருட்டு. ஆகவே சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வெறும் சுவரின் எண்ணைப் படித்து, அந்தப் பகுதிக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டியிருக்கிறது. மென்பொருள்கள் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்யும்: ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள பகுதியின் சராசரியால் வகுத்துவிடும். வகுத்த பின் மிஞ்சுவது, அந்த இடம் தன் அக்கம்பக்கத்தைவிட எவ்வளவு கறுப்பு அல்லது வெளுப்பு என்பது மட்டும். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் போய்விடும்.

அதோடு இன்னொன்றும் போய்விடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓரடி அகலத்துக்குச் சராசரி எடுத்து வகுத்தால், இரண்டடி அகலத்துக்கு மெல்லப் பரவிய ஓதக் கறையையும் அந்த முறை வெளிச்ச மாற்றம் என்றே நினைத்து அழித்துவிடும். ஆணித்துளை தப்பும், கறை மாயமாகும். சராசரிக்கு எடுக்கும் வட்டாரம் நாம் தேடும் குறையைவிடப் பெரிதாகவும், வெளிச்சம் மாறும் தூரத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். துளைக்கு அது எளிது. கறைக்குச் சில வேளை சாத்தியமே இல்லை. அப்போது பரப்பை விட்டுவிட்டு விளிம்பைத் தேட வேண்டும். சுவரின்மேல் பரவும் வெளிச்சம் மெல்ல மாறும், கோடு போட்டு நிற்காது. ஓதம் ஏறி இறங்கிய இடத்தில் உப்புப் பூத்து, அலையலையாக ஒரு வரம்புக்கோடு நிற்கும். அந்தக் கோடு இருந்தால் அது சுவரில் இருப்பது.

இனி கேமராவின் தடுமாற்றம். வெளிச்சத்தைச் சமன் செய்த பிறகும் கழித்தல் படம் முழுக் கறுப்பாக இராது. எங்கும் பொடிப்பொடியாகச் சிறு எண்கள் மினுக்கும். எவ்வளவுக்கு மேல் போனால் அது உண்மையான மாற்றம் என்று கொள்வது? இதற்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. காலி செய்யும் அன்று, எதையும் தொடாமல், அதே இடத்தில் நின்று இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுங்கள். அவற்றைப் பொருத்திக் கழியுங்கள். சுவர் மாறியிருக்கவே முடியாது. ஆகவே அந்தக் கழித்தலில் தெரிவதெல்லாம் கேமராவும் பொருத்தும் வேலையும் சேர்ந்து உண்டாக்கிய பொய் வித்தியாசம். நங்கநல்லூரில் அந்த ஜோடியில் அதிகபட்சம் 7 வந்தது. அதன் இரு மடங்குக்குச் சற்று மேலாக 15 என்று வரம்பு வைத்தோம். 15க்குக் கீழே உள்ள எதையும் பற்றி எந்தப் பக்கமும் பேசுவதில்லை என்று உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். வரம்பை முன்கூட்டியே வைப்பது முக்கியம். முடிவைப் பார்த்த பிறகு வைத்தால் அவரவர் விருப்பத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கும்.

அந்த வரம்போடு பார்த்தபோது சுவரில் ஐந்து பிரகாசப் புள்ளிகள் தெரிந்தன. உரிமையாளர் சொன்ன ஐந்து துளைகள் இவையேதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். இடமும் சரியாகவே இருந்தது. ஆனால் Difference முறை, வித்தியாசத்தின் அளவை மட்டும்தான் காட்டும். இருண்டதா வெளுத்ததா என்று சொல்லாது. ஐந்து இடங்களிலும் இரண்டு படங்களின் எண்களையும் தனித்தனியே படித்தோம். மூன்று இடங்களில் 180 என்பது 96 ஆகியிருந்தது: சுவர் துளையாகியிருக்கிறது, புதிய ஆணி. மற்ற இரண்டு இடங்களில் 95 என்பது 204 ஆகியிருந்தது. அங்கே ஜூனிலேயே துளை இருந்திருக்கிறது. டிசம்பரில் அது சுவரைவிட வெளுப்பாக இருக்கிறது. குடியிருந்தவர்கள் பழைய துளைகளில் பட்டி பார்த்து அடைத்திருக்கிறார்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்கவில்லை, அவ்வளவுதான். "அப்படியென்றால் இவை இரண்டும் நீங்கள் செய்த சேதம் இல்லை, செய்த வேலை" என்று உரிமையாளரே சொன்னார்.

விரிசல் கதை வேறு. டிசம்பர் படத்தில் ஜன்னல் மூலையிலிருந்து முடி போல ஒரு கோடு தெளிவாக இருந்தது. ஜூன் படத்தில் இல்லவே இல்லை. புதிய விரிசல் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உரிமையாளர் கையில் இருந்த ஜூன் படம் வாட்ஸ்அப்பில் வந்த நகல். சாதாரண முறையில் அனுப்பிய அந்த நகலின் அகலம் 1600 பிக்சலாகச் சுருங்கியிருந்தது. பத்தடிச் சுவர் என்பது ஏறக்குறைய 3050 மில்லிமீட்டர். மூலப் படத்தில் 4000 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.76 மில்லிமீட்டர் சுவர். சுருங்கிய நகலில் ஒரு பிக்சலுக்கு 1.9 மில்லிமீட்டர். விரிசலின் அகலமோ சுமார் 0.2 மில்லிமீட்டர்.

ஒரு பிக்சலைவிட மெல்லிய கோடு படத்தில் அடியோடு காணாமல் போவதில்லை; அந்த பிக்சலின் மற்றச் சுவரோடு கலந்து நீர்த்துவிடுகிறது. விரிசலின் உள்ளிருட்டு 60, சுவர் 180 என்றால் இரண்டுக்கும் இடையே 120. மூலப் படத்தில் விரிசல் ஒரு பிக்சலில் கால்பங்குக்குச் சற்று அதிகமாக நிரப்புகிறது. அந்த பிக்சல் சுவரைவிட 31 அளவு இருளும். நம் வரம்பு 15 என்பதால் கண்டிப்பாகத் தெரியும். சுருங்கிய நகலில் அது பத்தில் ஒரு பங்கைத்தான் நிரப்புகிறது; இருளல் 13. வரம்புக்குக் கீழே போய்விட்டது, படத்தைச் சுருக்கும்போது நடக்கும் மழுப்பலில் அதுவும் கரைந்திருக்கும். லென்ஸின் மங்கலையும் சேர்த்தால் இரண்டு எண்களும் இன்னும் குறையும். ஆக, அந்த நகலில் விரிசல் தெரியாததற்கு விரிசல் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல வழியே இல்லை, இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. தங்கையின் பழைய செல்பேசியில் மூலப் படம் இருந்தது. அதைப் பெரிதாக்கினால், மெலிதாக ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதே மூலையில் அதே கோடு.

ஒப்பிடத் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. சுவரின் அகலத்தைப் படத்தின் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால், இந்தப் படம் எதைப் பற்றிப் பேசத் தகுதியுடையது என்று தெரிந்துவிடும். இரண்டு படங்களில் தரம் குறைந்தது எதுவோ, அதுதான் எல்லையைத் தீர்மானிக்கும். நான்கு மில்லிமீட்டர் ஆணித்துளைக்கு அந்த வாட்ஸ்அப் நகலே போதுமானதாக இருந்தது. விரிசலுக்குப் போதவில்லை.

மிஞ்சியது ஓதக் கறை. சென்னையில் ஜூன் சுவரையும் டிசம்பர் சுவரையும் ஒப்பிடுவதே ஒரு சிக்கல். ஒன்று கத்திரி வெயிலில் காய்ந்த சுவர், மற்றது வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர். ஈரச் சுவர் இருண்டு தெரியும். காய்ந்தால் அந்த இருள் பெருமளவு போய்விடும். ஆகவே ஜூனில் கறை தெரியவில்லை என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. மேலே சொன்னபடி பரப்பை விட்டு விளிம்பைத் தேடினோம். ஜூன் மூலப் படத்தில் ஜன்னலுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் எடுத்து வேறுபாட்டை மிகைப்படுத்தியபோது, இன்றைய கறையின் எல்லைக்குள் இன்னும் சிறிய ஓர் அலைக்கோடு தெரிந்தது. முன்பே ஒரு மழைக்காலத்தில் ஓதம் அதுவரை வந்து காய்ந்திருக்கிறது. கறை பழையது, பரப்பு பெரிதாகியிருக்கிறது.

ஏன் பெரிதானது என்பதைப் படம் சொல்லாது. ஒப்பீட்டின் வேலை மாற்றத்தைக் காட்டுவதோடு முடிகிறது. காரணத்தைத் தேடி இருவரும் வீட்டுக்கு வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் இணைப்பு அந்த உயரத்தில்தான் கசிந்துகொண்டிருந்தது. அதன்பிறகு அதைப் பற்றிப் பேச்சு இல்லை. மூன்று புதிய துளைகளை அடைக்கும் கூலியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை உரிமையாளர் திருப்பித் தந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகளையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் அதில் சேராது. எது யார் உண்டாக்கியது என்று பிரிப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

இவ்வளவு பாட்டில் பாதியைச் சாவி வாங்கும் அன்றே தவிர்த்துவிடலாம். சுவருக்கு நேரெதிரே, நடுவில் நில்லுங்கள். எதிர்ச்சுவரில் முதுகு படும்படி நின்றால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த இடம் தெரியும். செல்பேசியை மார்பு உயரத்தில், சாய்க்காமல் பிடியுங்கள். அகலக்கோண லென்ஸ் வேண்டாம்; சுவர் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும், நேரெதிரே அடிக்கும் ஒளியில் பட்டி பார்த்த மேடு பள்ளமும் தெரியாது. இரவில் எடுப்பதானால் அறையின் விளக்கை மட்டும் போட்டு எடுத்தால், காலி செய்யும்போதும் அதே விளக்கில் எடுக்கலாம். பகல் வெளிச்சத்தைப் போல அது பருவத்துக்குப் பருவம் மாறாது. நான்கு மூலைப்புள்ளிகள் படத்துக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். ஜன்னல் மூலை, கதவு நிலையின் மூலை, குழாய் சுவருக்குள் போகும் இடம் ஆகியவற்றை ஓரடித் தூரத்திலிருந்து ஓர் அளவுகோல் வைத்துத் தனியே எடுங்கள், விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். எடுத்த படங்களை அன்றே உரிமையாளருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது Document என்ற வழியில், அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் மூலக்கோப்பு சுருங்காமல் போய்ச் சேரும், படம் எடுத்த தேதியும் நேரமும் கோப்புக்குள்ளேயே இருக்கும், இருவர் கையிலும் ஒரே படம் இருக்கும்.